கேட், கட், காட்: காதுக்கும் வாய்க்கும் பயிற்சி

"ஆங்கிலத்தில் பூனைக்கு கேட், வெட்டுக்கு கட், கட்டிலுக்கு காட். வெள்ளைக்காரர் வேகமாகச் சொன்னால் எது எது என்றே பிடிபடவில்லை. நான் பூனை என்று சொன்னால் அவர்கள் வாசல் கதவா என்று கேட்கிறார்கள். எப்படிப் பழகுவது?"

கட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 'கடல்' என்று சொல்லும்போது வரும் 'க'வைக் குறுக்கி 'ட்' சேர்த்தால் போதும்.

தகராறு பூனையில்தான். ஆங்கிலத்தில் நடுவில் 'a' என்று எழுதும் அந்த ஒலி தமிழ் நெடுங்கணக்கில் இல்லை. அதனால் நாக்கு பக்கத்தில் இருக்கும் 'ஏ'வுக்குப் போய்விடுகிறது. கேட்பவருக்கு வாசல் கதவுதான் ஞாபகம் வரும். 'எட்டு' என்பதில் உள்ள 'எ'வை இழுத்துப் பிடியுங்கள். நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடி இருக்கட்டும். உதட்டை லேசாக விரித்து, தாடையை மட்டும் மெல்லக் கீழே இறக்குங்கள். 'எ'வுக்கும் 'ஆ'வுக்கும் நடுவில் கொஞ்சம் அசிங்கமான ஒரு சத்தம் வரும். அதுதான் வேண்டும். நாக்கு பின்னால் நகர்ந்தால் 'ஆ' ஆகிவிடும். கண்ணாடியில் பாருங்கள்: கடைசியில் தாடை மூட ஆரம்பித்தால் 'ஏய்' என்று முடிக்கிறீர்கள்.

கட்டிலுக்கு ஊர் முக்கியம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் உதடு குவிக்காமல் 'ஆ'வுக்குப் பக்கத்தில் சொல்வார்கள். லண்டன் பக்கம் உதட்டைக் கொஞ்சம் குவித்துச் சட்டென்று முடிப்பார்கள். அங்கே போய் நம் நீண்ட 'காட்'டைச் சொன்னால் வண்டி என்று அர்த்தமாகிவிடும். 'கொடு'வில் வரும் 'ஒ' அளவுக்கும் குவிக்கக் கூடாது.

காதுப் பயிற்சிக்கு, ஆங்கில அகராதித் தளங்களில் பிரிட்டன், அமெரிக்கா என்று தனித்தனியாக ஒலிப்பு இருக்கும். முதலில் பூனையும் வெட்டும் மட்டும். வீட்டில் ஒருவரைக் கலைத்துக் கலைத்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் ஒரு விரல், இரண்டு விரல் என்று காட்டுங்கள். சரியா தவறா என்பதை அவர் உடனே சொல்ல வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டே இருப்பதில் பெரிய பலன் இல்லை. இருபதில் பதினெட்டு சரியாக வந்தால் வெட்டையும் கட்டிலையும் எடுங்கள். அமெரிக்கக் குரலில் இந்த ஜோடிதான் கஷ்டம்: கட்டிலில் வாய் அகலமாகத் திறக்கும், ஒலி சற்று நீளும், வெட்டு குறுகி நிற்கும். மூன்றையும் கலப்பது அதற்கு அப்புறம்.

ஒரே குரலில் பழகினால் அந்த ஆளின் குரல்தான் மனப்பாடமாகும். ஆண், பெண், வேறு வேறு தளம் என்று மாற்றுங்கள்.

கடைசியாக வாக்கியத்துக்கு வாருங்கள். பூனை, கட்டில் என்றால் சுற்றியுள்ள சொற்களே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தொப்பிக்கு கேப், கோப்பைக்கு கப், போலீஸ்காரருக்கு காப் என்று எடுத்து, 'லுக் அட் தி...' என்பதோடு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மூன்றும் அங்கே பொருந்தும் என்பதால் காதை மட்டும்தான் நம்பியாக வேண்டும். பிறகு இடம் மாறுங்கள்: நீங்கள் சொல்ல, அவர் விரல் காட்டட்டும்.