கார்-டி சிகிச்சைக்குப் பிறகு வெள்ளணு மறுபடியும் இறங்குவது ஏன்?

கேள்வி: டாக்டர், நாங்கள் குடியாத்தம். என் கணவருக்கு 46 வயது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இரண்டாவது முறையும் திரும்பியதால் வேலூரில் கார்-டி செல் ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் கவுண்ட் ஏறிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 33-வது நாள் பார்த்தால் வெள்ளணு 1,100, அதில் நியூட்ரோஃபில் 38 சதவீதம், பிளேட்லெட் 41,000, ஹீமோகுளோபின் 8.6. நோய் மறுபடி வந்துவிட்டதா? பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

பதில்: நோய் திரும்பியதாக இருக்க வாய்ப்பு குறைவு, அம்மா. கார்-டி எடுத்தவர்களில் பலருக்கு இரத்த எண்ணிக்கை ஒரு முறை விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போதே இதைச் சொல்லிவிட்டால் பாதி பயம் குறையும். அந்த நாளின் பரபரப்பில் அது பெரும்பாலும் காதில் ஏறுவதில்லை.

இந்தச் சிகிச்சையில் நடந்தது இதுதான். உங்கள் கணவரின் இரத்தத்தை ஒரு இயந்திரத்தின் வழியாகச் சில மணி நேரம் ஓடவிட்டு, நோயோடு போரிடும் டி செல் என்ற வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். நோய் உண்டாக்காதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸ் மூலம் அந்தச் செல்களுக்குள் புதிய மரபணுவைச் செலுத்தினார்கள். அதன் பிறகு செல்லின் மேற்புறத்தில் கார் என்ற ஒரு கொக்கி முளைக்கிறது. சி.டி.19 என்ற புரதம் எந்தச் செல்லின் மேல் இருந்தாலும் அந்தக் கொக்கி அதைப் பிடித்துவிடும், டி செல் அதைக் கொன்றுவிடும். பி செல் லிம்போமாவிலும் பி செல் லுகேமியாவிலும் புற்றுச் செல்களின் மேல் பெரும்பாலும் அந்தப் புரதம் இருக்கிறது. நம் நாட்டில் இந்த வகைச் சிகிச்சைக்கு முதல் அனுமதி 2023 அக்டோபரில் கிடைத்தது, ஐ.ஐ.டி. மும்பையும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கியது அது. வேலூர் சி.எம்.சி.யிலும் மருத்துவமனையிலேயே செல்களைத் தயாரித்து ஆய்வு நடத்தியிருக்கிறார்கள்.

செல்களை ஏற்றுவதற்கு முன் பொதுவாக மூன்று நாள் ஃப்ளுடராபின், சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற மருந்துகளைக் கொடுப்போம். ஏற்கெனவே உடலில் இருக்கும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களைக் குறைத்து, புதிய செல்கள் பெருக இடம் ஒதுக்குவதற்காக அது. முதல் வீழ்ச்சி இந்த மருந்துகளால் வருவது. பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்குள், இரத்தச் செல்களைத் தயாரிக்கும் எலும்பு மஜ்ஜை அதிலிருந்து எழுந்துவிடுகிறது. உங்களை வீட்டுக்கு அனுப்பியது அந்தக் கட்டத்தில்தான்.

இரண்டாவது வீழ்ச்சியை அந்தக் கீமோ மருந்துகளைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. ஏற்றிய கார்-டி செல்கள் முதல் இரண்டு வாரத்தில் பன்மடங்கு பெருகுகின்றன. அவை புற்றுச் செல்களைக் கொல்லும்போது இன்டர்ஃபெரான்-காமா, ஐ.எல்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் ஏராளமாக வெளியாகின்றன. முதல் வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் இவற்றால்தான். இதே பொருட்கள் மஜ்ஜையில் உள்ள தாய்ச் செல்களையும் அடக்கி வைக்கின்றன. இதற்கு முன் பல சுற்று கீமோ பார்த்த மஜ்ஜையில் கையிருப்பு குறைவு. மஜ்ஜையில் ஏற்கெனவே தயாரான செல்கள் வெளியே வந்து தீர்ந்ததும், அடுத்த தொகுதி தாமதமாகிறது. கவுண்ட் ஏறி இறங்கும் இந்த வகையைவிட, ஒரு முறைகூட ஏறாமல் அடியிலேயே கிடக்கும் வகைதான் எங்களை அதிகம் கவலைப்படுத்தும். உங்கள் கணவருக்கு இடையில் ஏறியது நல்லதே.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணுவைப் பார்த்துக் கலங்குவதைவிட, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,100-இல் 38 சதவீதம் என்றால் 418. கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோஃபில்கள் அவ்வளவுதான் இருக்கின்றன. 500-க்குக் கீழே போனால் தொற்று அபாயம் கூடுதல். இந்த நிலையில், நியூட்ரோஃபில் தயாரிக்க மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சி.எஸ்.எஃப் ஊசி போடுவது வழக்கம். ஊசி போட்ட மறுநாளே 5,000, 6,000 என்று துள்ளினால் ஏமாந்துவிட வேண்டாம். ஊசியை நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்தும் நிற்கிறதா என்று பார்ப்போம்.

பிளேட்லெட் 41,000-க்கு இரத்தக் கசிவு இல்லாவிட்டால் ஏற்றத் தேவையில்லை. பொதுவாக 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுகிறோம். ஹீமோகுளோபினுக்கு அந்த எல்லை சுமார் 7. இதய நோய் இருந்தால் சற்று முன்பே ஏற்றுவோம். ஏதாவது ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செலுத்திய இரத்தமாகவே இருக்க வேண்டும். ஃப்ளுடராபின் எடுத்தவருக்குச் சாதாரண இரத்தத்தில் உள்ள மற்றவரின் டி செல்கள் அவர் உடலையே தாக்கக்கூடும். உள்ளூரில் அவசரமாக ஏற்ற நேர்ந்தாலும் இதைச் சொல்லிவிட வேண்டியது நீங்கள்தான்.

பப்பாளி இலைச் சாறு வேண்டாம். டெங்குவில் பிளேட்லெட் சில நாளில் தானாகவே ஏறும். அந்தப் பெருமை சாறுக்குப் போய்விடுகிறது. இங்கே தயாரிக்கும் இடமே சோர்ந்து கிடக்கிறது. அதோடு, பச்சை இலையை அரைத்துக் கொதிக்க வைக்காமல் குடிப்பது 418 நியூட்ரோஃபில் உள்ளவருக்குக் கிருமியை ஊட்டுவது போன்றது.

நோய்தானா என்பதைக் கவுண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. லுகேமியாவாக இருந்தால் இரத்தப் பூச்சில் பிளாஸ்ட் என்ற முதிராத செல் தெரிகிறதா என்று முதலில் தேடுவோம். உங்கள் கணவருக்கு லிம்போமா. அதனால் 30-வது நாளை ஒட்டி எடுக்கும் பெட் ஸ்கேனே முக்கியம். முன்பு மஜ்ஜையில் லிம்போமா இருந்திருந்தால் மஜ்ஜைப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். இதோடு வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையே சிலருக்கு நியூட்ரோஃபிலைக் குறைக்கும். அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள், மாற்று மருந்து உண்டு. பார்வோ வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ் தொற்றும், பி12 குறைபாடும் காரணமாகலாம். இரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற புரதம் திடீரென்று பல ஆயிரமாக ஏறி, இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் இறங்கி, கல்லீரல் என்சைம்களும் கூடினால் அது நோய் எதிர்ப்புச் செல்களின் அழற்சி கட்டுமீறிய நிலை. உடனே ஸ்டீராய்டு போன்ற சிகிச்சை தேவைப்படும். மருத்துவமனைக்குப் போகும்போது இந்த மூன்றின் அளவையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. கார்-டி செல்லுக்கு நல்ல பி செல், கெட்ட பி செல் என்ற பேதமில்லை, சி.டி.19 இருந்தால் கொன்றுவிடும். அதனால் பி செல்கள் பல மாதம் காணாமல் போவது எதிர்பார்த்ததே. பி செல் இல்லையென்றால் எதிர்ப்புப் புரதமும் குறையும். ஐ.ஜி.ஜி என்ற அந்தப் புரதத்தின் அளவு 400-க்குக் கீழே இறங்கி, அடிக்கடி சளி, நெஞ்சுத் தொற்று வந்தால் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவோம். டி செல்களிலும் சி.டி.4 என்ற வகை மீள மாதங்கள் ஆகும். அதனால்தான் கவுண்ட் சரியான பிறகும், வைரஸ் தொற்றைத் தடுக்கும் அசைக்ளோவிர் மாத்திரை தொடர்கிறது. உயிருள்ள தடுப்பூசி எதுவும் இப்போது கூடாது.

உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்போது நம் பக்கம் டெங்குவும் உண்டு. அருகில் உள்ள டாக்டர், காய்ச்சலும் குறைந்த பிளேட்லெட்டும் பார்த்தவுடன் டெங்கு என்று முடிவெடுப்பது இயல்பு. கார்-டி எடுத்தவர் என்று எழுதிக் கொடுத்த அட்டையை முதலில் காட்டுங்கள். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் இரத்த கல்ச்சர் எடுத்த கையோடு, ஒரு மணி நேரத்துக்குள் இரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். குடியாத்தத்திலேயே முதல் டோஸைப் போட்டுவிட்டு வேலூருக்குக் கிளம்பலாம். எந்த மருந்து, எவ்வளவு என்று உங்கள் ஹெமட்டாலஜி டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.