நெல் இலைக்கருகலை வைத்து ஒரு வயல் ஆய்வு அறிக்கை

கேள்வி: வேளாண் அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பயிர் நோய்க்கான வயல் ஆய்வு அறிக்கையில் என்னவெல்லாம் எழுத வேண்டும்?

பதில்: நோயின் பெயரை முதல் வரியில் எழுதாதீர்கள். பெயர் வைத்துவிட்டால் கண் அதற்குத் தோதானதை மட்டுமே தேடும். கண்டதை எழுதிவிட்டுப் பெயருக்கு வாருங்கள்.

நான் பார்த்த ஒரு நெல் வயலையே எடுத்துக்கொள்வோம். தூர் கட்டி முடியும் பருவம். குலைநோய் என்று எண்ணி விவசாயி பூசணக்கொல்லி தெளித்திருந்தார், பலனில்லை. அறிக்கையில் நான் எழுதியது இது: இலை நுனியிலிருந்து ஓரங்கள் வழியாக வைக்கோல் நிறத்தில் காய்ந்து இறங்குகிறது. காய்ந்த பகுதிக்கும் பச்சைக்கும் இடையிலான விளிம்பு அலையலையாக இருக்கிறது. குலைநோயில் வரும், நடுவே சாம்பல் படிந்த கண் வடிவப் புள்ளிகள் இல்லை. தண்ணீர் நுழையும் மடையருகே பாதிப்பு அதிகம். யூரியா அளவுக்கு மீறி இட்டிருக்கிறார். அதன் பிறகு காற்றோடு மழை பெய்திருக்கிறது.

பாக்டீரியா இலைக்கருகல் என்று சந்தேகம் வந்தது. நோயும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுனையைத் தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் அமிழ்த்தினேன். சில நிமிடங்களில் பால் போன்ற கலங்கல் மெல்லிய இழையாக முனையிலிருந்து இறங்கியது. அது பாக்டீரியா, பூசணம் அல்ல. தம்ளரை விவசாயியின் கையிலேயே கொடுத்துவிட்டேன். பூசணக்கொல்லி ஏன் வேலை செய்யவில்லை என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. முழுக்கக் காய்ந்த இலையை வெட்டினால் கலங்கல் வராமலே போகலாம், எச்சரிக்கை.

பரிந்துரையில் செய்யக்கூடாததை முதலில் எழுதுவேன். மேலுரமாக யூரியா இப்போது வேண்டாம். இந்த வயல் நீர் அடுத்த வயலுக்குப் போகக்கூடாது. பனி ஈரம் காயும் முன் பயிருக்குள் நடக்க வேண்டாம், ஈர இலையில் உரசி நாமே பரப்பிவிடுவோம். அடுத்ததாகத் தேங்கிய நீரை வடித்துவிட்டு, 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளியவைத்து வடிகட்டித் தெளிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து மறுமுறை. இது பரவலைத் தணிக்கும், காய்ந்த இலையை மீட்காது. இந்த வரியை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில், 'இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது, வேறு மருந்து சொல்லுங்கள்' என்று கேட்பார்கள்.

அதனால்தான் மறுஆய்வில் பழைய இலைகளை நான் கணக்கில் எடுப்பதில்லை. முதல் நாளே வயலின் ஐந்து இடங்களில் குச்சி நட்டு, ஒவ்வொன்றையும் சுற்றிப் பத்துக் குத்துகளில் எத்தனை பாதிக்கப்பட்டவை என்று குறித்துக்கொள்வேன். திரும்பிப் போகும்போது அதே குத்துகளில், இடையில் வந்த புது இலைகளில் கருகல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். கதிருக்குக் கீழே வரும் கண்ணாடி இலை சுத்தமாக இருந்தால் மணி பிடிப்பதில் பெரிய குறை வராது. அதிலும் கருகல் ஏறியிருந்தால், விளைச்சல் குறையும் என்பதை மழுப்பாமல் அறிக்கையில் எழுதி, விவசாயியிடமும் சொல்லிவிடுங்கள்.