அசெட்டின் கிளிக்கை எப்படித் தனியாகப் பார்ப்பது?

கன்னியாகுமரியில் லாட்ஜ் நடத்துகிறேன். கூகுள் விளம்பரத்தில் போன மாதம் சைட்லிங்க் 110, கால் 95, லொகேஷன் 70 கிளிக் காட்டுகின்றன. மொத்தம் 275. ஆனால் கேம்பெய்னில் 120தான் இருக்கிறது. எது பொய், சார்?

இரண்டுமே பொய்யில்லை, கூட்டியதுதான் தவறு. தளத்தின் உட்பக்கத்துக்குப் போகும் சைட்லிங்க், அழைக்க உதவும் கால், இடம் காட்டும் லொகேஷன் என விளம்பரத்தோடு கூடுதலாகத் தெரியும் இவைதான் அசெட்டுகள். ஓர் அசெட்டின் வரிசையில் வரும் கிளிக், அந்த அசெட் தெரிந்தபோது விளம்பரத்தின் எந்த இடத்தில் விழுந்தாலும் அங்கே பதிவாகும். தலைப்பை ஒருவர் தொட்ட நேரத்தில் மூன்று அசெட்டும் தெரிந்திருந்தால், அந்த ஒரே கிளிக் மூன்று வரிசையிலும் ஏறிவிடும். இந்த அசெட்டில் விழுந்ததா, மற்ற இடத்திலா என்று செக்மென்ட் வைத்துப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய அறிக்கையில் சைட்லிங்க் 14, கால் 19, லொகேஷன் 9. மீதி 78 தலைப்பில் விழுந்தவை. கூட்டினால் சரியாக 120.

அழைப்பு, படிவம் போல நமக்குப் பலன் தரும் செயலான கன்வெர்ஷனும் அப்படித்தான். உங்கள் ஒன்பதில் கால் 5, தலைப்பு 3, சைட்லிங்க் 1. காலுக்கு 19 கிளிக்கில் ஐந்துதானா என்று வருந்த வேண்டாம். 60 விநாடிக்கு மேல் நீடித்த அழைப்பையே கணக்கு கன்வெர்ஷனாக எடுக்கிறது. “ரூம் இருக்கா, வாடகை எவ்வளவு” என்று கேட்டு வைப்பவர் நாற்பது விநாடியில் முடித்துவிடுவார். லாட்ஜுக்கு நான் 30 விநாடியாகக் குறைத்துவிடுவேன்.

ஒரே ஆள் தலைப்பையும் சைட்லிங்க்கையும் தொட்டால் இரண்டு கிளிக் காசு போகிறதே, அதுவும் இரட்டை எண்ணிக்கைதானே?

பாதி சரி. ஒரு முறை விளம்பரம் தெரிந்ததற்கு, அசெட்டுகளையும் சேர்த்து, அதிகபட்சம் இரண்டு கிளிக்குக்கு மட்டுமே காசு பிடிப்பார்கள். ஆனால் அவை உண்மையிலேயே நடந்த இரண்டு கிளிக்குகள். நான் சொன்னது ஒரே கிளிக் மூன்று இடத்தில் தோன்றுவதை. உங்கள் சந்தேகம் பொருந்தும் இடம் வேறு: ஒருவர் சைட்லிங்க் வழியாகப் படிவமும் நிரப்பி, பிறகு அழைக்கவும் செய்தால், இரு வேறு செயல்கள் என்பதால் கன்வெர்ஷன் இரண்டாகும், வாடிக்கையாளர் ஒருவரே. பதிவேட்டில் தொலைபேசி எண்ணை ஒப்பிட்டுத்தான் அதைக் களைய முடியும்.

தக்கலையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். என்னிடம் யாரும் போனில் பேசுவதில்லை, நேரே வந்துவிடுகிறார்கள். லொகேஷனில் கன்வெர்ஷன் பூஜ்யம், எடுத்துவிடவா, அண்ணே?

எடுக்காதீர்கள். வழி கேட்ட கிளிக் என்பது வந்து சேர்ந்த ஆள் அல்ல. அதேபோல் பூஜ்யம் என்பது யாரும் வரவில்லை என்பதும் அல்ல. `Click type` செக்மென்ட்டில் வழி கேட்டவற்றைத் தனியே எண்ணி, பில் போடும்போது எப்படி வந்தீர்கள் என்று இரண்டு வாரம் கேட்டு எழுதி வையுங்கள். விளம்பரம் எத்தனை முறை தெரிந்தது என்று அந்தச் செக்மென்ட் காட்டும் இம்ப்ரெஷனை மட்டும் கூட்டிவிடாதீர்கள். ஒரே தோற்றம் ஒவ்வொரு வகையிலும் மறுபடி வரும்.

அப்படியானால் தலைப்பின் அந்த 78-ல் சைட்லிங்க்கின் பங்கே இல்லையா?

இருக்கலாம். விளம்பரம் பெரிதாகத் தெரிந்ததால் தொட்டவரும் அதில் இருப்பர். எத்தனை பேர் என்று இந்த அறிக்கை சொல்லாது. அசெட் உள்ளதும் இல்லாததுமாக ஒரே காலத்தில் இரு பாதியாக ஓடவிட்டால் ஓரளவு புலப்படும், ஆனால் 120 கிளிக் அதற்குப் போதாது.