ஒன்றரை லட்சம் விற்பனைக்கு எத்தனை ஃபாலோயர்கள் வேண்டும்?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் மதுரை சுங்குடிச் சேலை விற்கிறேன். 3,200 ஃபாலோயர்கள். மாதம் 60,000 ரூபாய் அளவுக்கு விற்கிறது. இதை ஒன்றரை லட்சமாக்க எத்தனை ஃபாலோயர்கள் தேவை? எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

சிறு கடைக்காரர்கள் சிலருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்து வருகிறேன். ஃபாலோயர் எண்ணிக்கை கடைசியில்தான் வரும். விற்பனையில் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும்.

உங்கள் மற்ற எண்கள் தெரியாததால் நானே சிலவற்றை வைத்துக்கொள்கிறேன். உங்களுடையதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஆர்டரின் சராசரி மதிப்பு 1,250 ரூபாய். மாதம் 240 பேர் பயோவிலும் ஸ்டோரியிலும் உள்ள லிங்க்கைத் தட்டுகிறார்கள். அதில் 96 பேர் வாட்ஸ்அப்பில் விசாரிக்கிறார்கள், அதாவது 40 சதவீதம். விசாரிப்பவர்களில் 20 சதவீதம், சுமார் 19 பேர், ஆர்டர் போடுகிறார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் சில பார்சல்கள் திரும்பி வருவதால் 10 சதவீதம் கழிந்து 17 ஆர்டர்தான் பணமாகிறது. இது தவிர, ஏற்கெனவே வாங்கிய வாடிக்கையாளர்கள் நேராக வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குவது 30 ஆர்டர். மொத்தம் 47 ஆர்டர், 58,750 ரூபாய். நீங்கள் சொன்ன 60,000-த்துக்குப் பக்கத்தில் வருகிறது.

இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். இன்றைய எண்களை முன்னோக்கிப் பெருக்கும்போது இன்றைய விற்பனை வரவில்லை என்றால், ஏதோ ஒரு விகிதத்தைத் தப்பாக எண்ணியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பின்னோக்கிப் போனால் தப்பு இன்னும் பெரிதாகும்.

சரி, இப்போது பின்னோக்கி. 1,50,000-ஐ 1,250-ஆல் வகுத்தால் 120 ஆர்டர். பழைய வாடிக்கையாளர்களின் 30-ஐ முதலிலேயே கழித்துவிடுங்கள்; அவர்கள் லிங்க் வழியாக வருபவர்கள் அல்ல. மீதி 90. பத்தில் ஒன்று திரும்பி வருமென்றால் 90 கையில் நிற்க 100 அனுப்ப வேண்டும். இங்கே பலர் 90-உடன் அதன் 10 சதவீதத்தைக் கூட்டி 99 என்று எழுதுவார்கள். கூட்டக் கூடாது, 0.9-ஆல் வகுக்க வேண்டும். திரும்பி வருவது 30 சதவீதம் ஆகிவிட்டால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்: கூட்டினால் 117, வகுத்தால் 129.

100 ஆர்டருக்கு, 0.20-ஆல் வகுத்தால், 500 விசாரிப்புகள். 500-ஐ 0.40-ஆல் வகுத்தால் 1,250 கிளிக்குகள். இதுவரை எளிது.

கிளிக்கிலிருந்து ஃபாலோயருக்குப் போகிற படியில்தான் கவனம் வேண்டும். கிளிக் மாதாமாதம் புதிதாக எண்ணப்படுவது. ஃபாலோயர் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் இருப்பு. ஒரே ஆள் மாதத்தில் மூன்று முறை தட்டலாம், ஆயிரம் பேர் ஒரு முறைகூடத் தட்டாமல் இருக்கலாம். அதனால் "ஃபாலோயரில் இத்தனை சதவீதம் வாங்குவார்கள்" என்று நேராகப் போடாமல், ஆயிரம் ஃபாலோயருக்கு மாதம் எத்தனை கிளிக் என்று பாருங்கள். 3,200 பேரிடமிருந்து 240 என்றால் ஆயிரத்துக்கு 75. 1,250 கிளிக்குக்குச் சுமார் 16,700 ஃபாலோயர்கள். உங்கள் கேள்விக்கு நேரடி விடை இதுதான்.

ஆனால் இந்த எண்ணைத் துரத்துவதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். எந்தப் படியின் விகிதத்தை உயர்த்தினாலும் மேலே தேவைப்படும் எண் அதற்கேற்பக் குறையும். விசாரிப்பிலிருந்து ஆர்டர் 20 சதவீதம் என்பது 25 ஆனால் 400 விசாரிப்புகள், 1,000 கிளிக், சுமார் 13,300 ஃபாலோயர்கள் போதும். சராசரி ஆர்டரை 1,500 ஆக்கினால், உதாரணமாக இரண்டு சேலை எடுத்தால் தபால் செலவு இல்லை என்று வைத்தால், மொத்தம் 100 ஆர்டர் போதும். பழையவர்கள் 30 போக 70, அனுப்ப வேண்டியது 78, கடைசியில் 13,000 ஃபாலோயர்கள். இரண்டும் சேர்ந்தால் 10,400. சேலையை உடுத்தி எடுத்த ஒரு வீடியோ, விலையைப் பதிவிலேயே போடுவது, விசாரித்தவருக்கு அரை மணிக்குள் பதில் போன்றவை 6,000 ஃபாலோயரைச் சேர்ப்பதைவிட மலிவு. விலையை மறைத்து "டிஎம் பண்ணுங்க" என்று போட்டால் விசாரிப்பு ஏறும், ஆர்டர் விகிதம் இறங்கும். மொத்தத்தில் லாபமா என்று இந்தக் கணக்கே காட்டிவிடும்.

இலவசப் பரிசு அறிவித்து ஃபாலோயர் சேர்ப்பவர்களைக் கவனியுங்கள். 3,200 என்பது 6,000 ஆகும், கிளிக் 240-லிருந்து 260 ஆகும். ஆயிரத்துக்கு 75 என்பது 43 ஆகிவிட்டது. அதாவது வந்தவர்கள் சேலைக்கு வரவில்லை. ஒவ்வொரு மாதமும் இந்த ஒரு எண்ணை எழுதி வைத்தாலே இது பிடிபடும்.

எண்களை எப்படி எடுப்பது? கிளிக் எண்ணிக்கை இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸில் கிடைக்கும். விசாரிப்பு எங்கிருந்து வந்தது என்று அறிய, பயோவுக்கு ஒன்றும் ஸ்டோரிக்கு ஒன்றுமாக வெவ்வேறு வாட்ஸ்அப் லிங்க் வையுங்கள்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=BIO
https://wa.me/91XXXXXXXXXX?text=STORY
```

தட்டியவரின் செய்திப் பெட்டியில் அந்தச் சொல் தானாக வந்து நிற்கும். சிலர் அழித்துவிடுவார்கள், பரவாயில்லை. அப்புறம் வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டால், மாதக் கடைசியில் புதிய விசாரிப்பு எத்தனை, பணம் கட்டியது எத்தனை என்று எண்ணிவிடலாம்.

ஒரு மாதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 96 விசாரிப்பில் 19 ஆர்டர் என்றால் 20 சதவீதம் என்கிறோம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மையான விகிதம் 13 முதல் 29 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 13 என்றால் 770 விசாரிப்பு தேவை, 29 என்றால் 345 போதும். மூன்று நான்கு மாதங்களைச் சேர்த்து எடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தை அதில் கலக்காதீர்கள். அந்த மாதம் பார்க்கிறவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். அந்த விகிதத்தை வைத்து மார்ச் மாத இலக்கைப் போட்டால் கடையில் சரக்கு தேங்கும்.

ஃபாலோயர் சேரும்வரை காத்திருக்க முடியாது, விளம்பரம் கொடுக்கலாம் என்றாலும் இதே கணக்குதான். 90 விற்பனைக்கு 1,250 கிளிக் என்றால் ஒரு விற்பனைக்கு 14 கிளிக். ஒரு கிளிக் 5 ரூபாய்க்குக் கிடைத்தால் சேலைக்கு 70 ரூபாய் விளம்பரச் செலவு. அடக்கம், தபால், திரும்பி வந்த பார்சலின் செலவு போக உங்களுக்கு நிற்பது அதைவிட அதிகமா என்று பாருங்கள். விளம்பரத்தில் வருபவர்கள் உங்களை முன்பின் அறியாதவர்கள், 20 சதவீதம் வாங்குவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு மூன்றாவதாக ஒரு லிங்க் வைத்து, தனி விகிதம் எடுங்கள்.

ஆள் கணக்கும் போடுங்கள். மாதம் 500 புதிய விசாரிப்பு என்றால் நாளுக்கு 17 பேர். ஒவ்வொருவருக்கும் படம் அனுப்பி, நிறம் சொல்லி, முகவரி வாங்கிக் கால் மணி நேரம் ஆனால் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் போனிலேயே போகும். பேக்கிங்கும் நீங்களே செய்பவர் என்றால், பதில் தாமதமாகும், அந்த 20 சதவீதம் குறையும். அதனால் இப்போதே 25,000 ரூபாய் மட்டும் கூட்டி, அதாவது 20 ஆர்டர் அதிகம் என்று வைத்து, விகிதங்கள் அப்படியே நிற்கின்றனவா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்த எண்ணைப் போடுங்கள்.