பேரைச் சொன்னதும் முதலில் வரும் வார்த்தை: கேள்வி பதில்

ஆம்பூர், காலணி தயாரிப்பாளர்: சார், எங்க பிராண்டு பேர்லயே ஆம்பூர்னு ஊர்ப் பேர் இருக்கு. கடைக்கு வந்த 30 பேர்கிட்ட "எங்க பேரைக் கேட்டா என்ன தோணுது"ன்னு கேட்டேன். முக்கால்வாசி "தரம்", "நல்லா இருக்கு". நம்பலாமா?

நம்ப வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி கேட்டால் யார் குறை சொல்வார்கள்? தவிர, "தரம்" என்பது எந்தச் செருப்புக்கும் வரும் பதில். போட்டிக் கம்பெனியின் பேரைச் சொன்னாலும் அதே வார்த்தை அதே அளவுக்கு வருமானால், அது உங்களுக்குச் சொந்தமான வார்த்தை இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். கேட்பவர் உங்கள் கடை ஆளாக இருக்கக் கூடாது, இடமும் கடையாக இருக்கக் கூடாது. ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வையுங்கள். கூட்டமாகக் கேட்டால் முதல் ஆள் சொன்னதைத்தான் மற்றவர்களும் சொல்வார்கள். 15 வார்த்தைகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டதும் மனதில் வரும் முதல் வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் மூன்று பழக்குவதற்கு: மழை, சாவி, நாற்காலி மாதிரி. உங்கள் பேர் ஏழாவதாக வரட்டும், போட்டிப் பேர் பதினொன்றாவதாக, யாருமே கேட்டிராத ஒரு பொய்ப் பேர் பதின்மூன்றாவதாக. மீதியெல்லாம் சாதாரண வார்த்தைகள். பாதிப் பேருக்கு உங்கள் பேரையும் போட்டிப் பேரையும் இடம் மாற்றிச் சொல்லுங்கள். உங்கள் பேருக்கு முன்னால் சோறு, இலை போன்ற சாப்பாட்டு வார்த்தை வந்துவிடக் கூடாது. வந்தால் "ஆம்பூர்" என்றதும் பிரியாணியை நீங்களே தூண்டிவிட்டதாக ஆகும்.

வாயால் சொல்ல வையுங்கள், எழுதச் சொல்லாதீர்கள். எழுதும்போது ஆட்கள் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறார்கள். ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனில் பதிவு செய்தால், பேருக்கும் பதிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பிறகு நிதானமாக அளந்துகொள்ளலாம்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஆம்பூர்னா பிரியாணிதான்னு ஊருக்கே தெரியுமே. அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஏற்பாடு? பேரை மாத்திட்டா முடிஞ்சுது.

பிரியாணி வருகிறதா என்பது இங்கே கேள்வி இல்லை தம்பி. பிரியாணிக்குப் பின்னால் தோல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க ஒரே பேருக்கு மூன்று பதில் வாங்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பேரை ஒரு முறை சொல்லிவிட்டு "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டால், "பிரியாணி, கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி" என்று போய்விடும். கத்தரிக்காய் பிராண்டைப் பார்த்து வந்த பதில் அல்ல, பிரியாணியைப் பார்த்து வந்தது. அதனால் ஒவ்வொரு பதிலுக்கு முன்பும் முழுப் பேரையும் மறுபடி சொல்லுங்கள். அப்போதுதான் ஆள் பேருக்குத் திரும்பி வருவார். மூன்றோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வருவது யோசித்துத் தேடிச் சொல்வது.

ஒரு கணக்குக்கு, 40 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 22 பேருக்கு முதல் வார்த்தை பிரியாணி. அந்த 22 பேரில் 15 பேருக்கு இரண்டாவது வார்த்தை தோல், ஷூ, டேனரி இப்படி ஏதாவது ஒன்று. அப்படியானால் பேரை மாற்றத் தேவையில்லை. பேரோடு ஒட்டி "லெதர்" என்று ஒரு சொல்லைப் போர்டில் சேர்த்தாலே இரண்டாவது வார்த்தை முன்னுக்கு வந்துவிடும். சேர்த்த பேரை வைத்து இன்னொரு 40 பேரிடம் கேட்டுச் சரிபாருங்கள். முன்பு பதில் சொன்னவர்களிடமே கேட்காதீர்கள். அதற்கு மாறாக, மூன்று இடத்திலும் சாப்பாடே வந்தால் பேரை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். இதையும் வேலூரில் தனியாக, சென்னையில் தனியாகப் பாருங்கள். இங்கே ஆம்பூர் என்றால் தோல் தொழிற்சாலை எல்லோருக்கும் தெரியும். அங்கே நெடுஞ்சாலையில் சாப்பிட நிற்கும் ஊர் என்று மட்டும் தெரிந்திருக்கலாம்.

குடியாத்தம், லுங்கி வியாபாரி: எவ்ளோ வேகமா பதில் வருதோ அவ்ளோ பிடிச்ச பிராண்டு. வார்த்தையை விடுங்க, நேரத்தை மட்டும் பாத்தா போதும்னு நினைக்கிறேன்.

பாதி சரி. வேகம் காட்டுவது தொடர்பின் வலு, விருப்பம் அல்ல. "சாயம் போகும்" என்பதும் அரை நொடியில் வரும் அண்ணே.

தாமதத்தைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். சுவிஸ் மனநல மருத்துவர் யுங் 100 வார்த்தைப் பட்டியலும் கையில் கடிகாரமுமாக இதைச் செய்தபோது, தயங்குவதையும், கேட்ட வார்த்தையையே திருப்பிச் சொல்வதையும், பதில் வராமல் போவதையும் மனதில் ஏதோ உறுத்துகிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். பிராண்டு விஷயத்தில் தாமதத்துக்குப் பெரும்பாலும் இன்னொரு எளிய காரணம் உண்டு: பேரே தெரியாது. இரண்டையும் பிரிக்கத்தான் பட்டியலில் பொய்ப் பேர். உங்கள் பேருக்கும் பொய்ப் பேருக்கும் ஒரே அளவு நேரம் எடுத்தால் உங்களைத் தெரியாது. உங்களுக்கு மட்டும் தயங்கி, சிரித்து, "எப்படிச் சொல்றது" என்றால் சொல்ல விரும்பாத ஏதோ இருக்கிறது. ஒருவரின் நேரத்தை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். சிலர் எதையுமே நிதானமாகத்தான் சொல்வார்கள். அவரவர் சாதாரண வார்த்தைகளுக்கு எடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஆற்காடு, மக்கன் பேடா கடை நடத்துபவர்: எங்களுக்கு இது சரிப்படலைன்னுதான் கேக்குறேன் சார். கடைப் பேரைச் சொன்னா எல்லாரும் "இனிப்பு"ன்னுதான் சொல்றாங்க. புதுசா டப்பாவுல போட்டு விக்கிறோம், யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க. கேட்டா "ருசி அவ்ளோ இல்ல"ங்கிறாங்க. அதே பேடாதான் உள்ள இருக்கு!

உங்களுக்கு வார்த்தைப் பயிற்சி போதாது மேடம், ஆளை வர்ணிக்கச் சொல்லும் பயிற்சி வேண்டும். 1950-இல் மேசன் ஹேர் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் நெஸ்கஃபே உடனடிக் காபிக்கு இதைத்தான் செய்தார். நேராகக் கேட்டால் பெண்கள் "சுவை பிடிக்கவில்லை" என்றார்கள். அவர் இரண்டு மளிகைப் பட்டியல் தயாரித்தார். எல்லாப் பொருளும் ஒன்றே, காபி மட்டும் வேறு. ஒருவருக்கு ஒரு பட்டியல் மட்டும் காட்டி, "இதை வாங்கும் பெண் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார். உடனடிக் காபி இருந்த பட்டியலைப் பார்த்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் "சோம்பேறி" என்ற பொருளில் சொன்னார்கள். சிக்கல் சுவையில் இல்லை.

நீங்கள் தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோகும் பொருள்கள் என்று ஏழு வரிப் பட்டியல் எழுதுங்கள்: பூ, பழம், புடவை, பட்டாசு, இப்படி. ஒன்றில் "மக்கன் பேடா, கடையில் எடை போட்டு வாங்கியது", மற்றதில் "மக்கன் பேடா, டப்பாவில்". இரண்டையும் ஒரே ஆளிடம் காட்டிவிட்டால் நீங்கள் சோதிப்பது எதை என்று தெரிந்துவிடும், பதில் கெட்டுவிடும். ஒவ்வொரு பட்டியலுக்கும் 25 பேராவது வேண்டும். "எந்தக் கடை" என்று கேட்காமல், "இவங்க எப்படிப்பட்ட மருமகள்?" என்று மட்டும் கேளுங்கள். டப்பாப் பட்டியலில் மட்டும் "அவசரமா வாங்கினவ", "கடமைக்குச் செய்றவ" என்று வந்தால், பாகு பதத்தைத் திருத்திப் பயனில்லை.

வந்த முடிவு நிரந்தரம் என்று எண்ணாதீர்கள். 1970-இல் வெளியான ஓர் ஆய்வில் அதே காபிப் பட்டியலை மறுபடி வைத்தபோது பழைய வித்தியாசம் தெரியவில்லை.

ஆம்பூர், காலணி தயாரிப்பாளர்: இன்னொண்ணு சார். ஒருத்தர் "கெட்டி"ன்னு சொன்னா நல்லதுல போடவா, கெட்டதுல போடவா? எங்க ஊர்ல உருதுல பதில் சொல்றவங்களும் நிறைய.

"கெட்டி" உழைக்கும் தோலாகவும் இருக்கலாம், காலைக் கடிக்கும் தோலாகவும் இருக்கலாம். ஆள் சொன்னதை ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சீட்டில் அப்படியே எழுதுங்கள். 15 வார்த்தையும் முடிந்த பிறகு, "கெட்டின்னீங்களே, எப்படி?" என்று கேளுங்கள். நடுவில் கேட்டால் அடுத்த பதிலிலிருந்தே உஷாராகிவிடுவார். பிறகு இரண்டு பேர் தனித்தனியாகச் சீட்டுகளை நல்லது, கெட்டது என்று தலைப்பு வாரியாகப் பிரிக்கட்டும். இருவரும் வேறு வேறு குவியலில் போட்ட சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் "தெளிவில்லை" என்று தனியாக வையுங்கள். அந்தக் குவியல் பெரிதாக இருந்தால் உங்கள் தலைப்புகளில்தான் கோளாறு.

எந்த மொழியில் கேட்பது என்பதில் ஆய்வு செய்பவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. வீட்டு மொழியில் கேட்டால்தான் முதல் வார்த்தை உண்மையாக வரும் என்பது என் எண்ணம். கடைப் போர்டு எந்த மொழியில் இருக்கிறதோ அதிலேயே கேட்க வேண்டும் என்பார்கள் வேறு சிலர். நான் இரண்டு மொழிப் பதில்களையும் தனித்தனியாகத்தான் எண்ணுவேன்.