கேள்வி பதில்: ஏ.டி.எம்.மில் வராத பணத்துக்கு வங்கிக்கு எழுதும் கடிதம்

திருப்பூர் வாசகர்: சார், ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. நகல் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் தொகை இரண்டாம் பக்கத்தில்தான் வருகிறது. தேதி ‘போன வாரம்’ என்று இருக்கிறது. என்ன வேண்டும் என்பது எங்குமே இல்லை. முதல் பத்தியை இப்படி மாற்றுங்கள்:

“03.03.2025 அன்று ஏ.டி.எம்.மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, ஆனால் 4417 என்று முடியும் என் கணக்கில் அந்தத் தொகை கழிக்கப்பட்டது. ரூ.10,000-ஐத் திரும்ப வரவு வைத்து, 09.03.2025 முதல் வரவு வைக்கும் நாள் வரை நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடும் தர வேண்டுகிறேன்.”

ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, 5 நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பியிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். மார்ச் 3-இல் நடந்ததற்குக் கெடு மார்ச் 8. பணம் 20-ஆம் தேதி வந்தால் தாமதம் 12 நாள், இழப்பீடு 1,200 ரூபாய். ‘போன வாரம்’ என்று எழுதினால் இந்தக் கணக்கை யார் போடுவது? இயந்திரம் இருந்த இடம், சீட்டில் உள்ள எண், நீங்கள் அலைந்த கதை எல்லாம் அடுத்த பத்திக்குப் போகட்டும். கார்டு எண்ணை முழுதாக எழுதாதீர்கள்.

கரூர் வாசகி: எனக்கு 10,000-இல் 6,000 வந்தது. கழிந்தது முழுத் தொகை. கோபத்தில் 10,000 என்றே எழுதிவிட்டேன்.

4,000 என்று திருத்தி, உடனே இன்னொரு கடிதம் கொடுங்கள் அம்மா. இயந்திரத்தில் மிஞ்சிய பணத்தோடு உங்கள் தொகையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மிஞ்சியது 4,000, நீங்கள் கேட்பது 10,000 என்றால் கணக்கு பொருந்தாது. கார்டு எண், பின் இரண்டும் கடிதத்தில் வேண்டாம்.

சேலம் வாசகர்: யுபிஐயில் தவறான எண்ணுக்கு 2,000 போட்டுவிட்டேன். எனக்கும் நாளுக்கு 100 உண்டா?

இல்லை. அது தோல்வியடைந்த பரிவர்த்தனை அல்ல. வங்கியில் தனியாகப் புகார் கொடுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: இழப்பீடு, கேட்காமலே தரவேண்டியது. முதல் கடிதத்திலேயே கேட்டால் மேனேஜருக்குக் கோபம்தான் வரும். நான் கேட்கவில்லை, பணம் வந்தது.

கேட்காமலே தரவேண்டும் என்பது சரிதான். ஆனால் உங்களுக்கு இழப்பீடும் வந்ததா?

நாகர்கோவில் வாசகர்: வரவில்லை. அதற்காகச் சண்டை போடவா?

எழுதிக் கேட்பது சண்டை இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். நீங்கள் வங்கியிடம் முதலில் என்ன கேட்டீர்கள் என்பதை அங்கே பார்ப்பார்கள்.

நாகர்கோவில் வாசகர்: கிராமத்துக் கிளையில் தினமும் அதே முகத்தைப் பார்க்கவேண்டும் சார். உங்களுக்குப் புரியாது.

புரிகிறது. இருந்தாலும் நான் கேட்கத்தான் சொல்வேன்.

ஓசூர் வாசகர்: கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது?

திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். தேதி நினைவில்லை என்றால் பாஸ்புக்கில் பார்த்து எழுதுங்கள், சுமாராகப் போடாதீர்கள். கார்டு எண்ணும் வேண்டாம்.