அலர்ஜி முற்றும்போது அட்ரினலின் பேனா: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

என் மகளுக்கு 6 வயது, எடை 18 கிலோ. முந்திரி ஒத்துக்கொள்ளாது. தொடையில் அழுத்தினால் அட்ரினலின் மருந்தைத் தானாகச் செலுத்தும் ஊசியான அட்ரினலின் பேனாவை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாதாரணத் தடிப்புக்கும் அனபிலாக்சிஸுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? எந்த நொடியில் ஊசி போட வேண்டும்?

தோலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம். மூச்சு, குரல், சுறுசுறுப்பு மூன்றையும் பாருங்கள். அனபிலாக்சிஸில் அலர்ஜி தோலோடு நிற்காமல் மூச்சுப் பாதையையோ இரத்த ஓட்டத்தையோ தாக்குகிறது. தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமலும் அது வரலாம்.

ஒரு கல்யாண வீட்டை எடுத்துக்கொள்வோம். பாயசத்தில் முந்திரி அரைத்துவிட்டிருப்பது தெரியாமல் குழந்தை இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டாள். 5 நிமிடத்தில் உதடு அரிக்கிறது, வாயைச் சுற்றிச் சிவந்து தடிக்கிறது. இவ்வளவுதான் என்றால் இது லேசான அலர்ஜி. டாக்டர் எழுதிக் கொடுத்த அலர்ஜி மருந்தைக் கொடுக்கலாம். ஆனால் பேனா கைக்கு வந்துவிட வேண்டும், ஒரு பெரியவர் அவளை விட்டு நகரக் கூடாது. ஒரு முறை வாந்தி எடுத்தாலும் இதே நிலைதான்.

12-வது நிமிடத்தில் விட்டு விட்டு இருமுகிறாள். 'தொண்டையில என்னமோ இருக்கும்மா' என்கிறாள், குரல் கம்மியிருக்கிறது. ஊசி போட வேண்டிய நேரம் இதுதான். வீசிங் வரட்டும், மூச்சுத் திணறட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குரல் மாறுவது, விடாத இருமல், விழுங்கச் சிரமம், நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, திடீரென வெளுத்துத் துவண்டுபோவது, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே போதும். தடிப்போடு சேர்ந்து வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், வயிறு சுருட்டி வலித்தாலும் போடுங்கள்.

கைக்குழந்தை தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் அழுகைச் சத்தம் கரகரப்பாக மாறினாலோ, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனத் துவண்டு தோளில் சாய்ந்தாலோ அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் செட்டிரிசின் கொடுத்துப் பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் ஊசி போடலாமா? எங்கள் பக்கத்து கிளினிக்கில் எப்போதும் அவில் ஊசிதான் போடுவார்கள்.

கூடாது. செட்டிரிசின், அவில் எல்லாம் ஹிஸ்டமின் என்ற ஒரே ஒரு பொருளைத் தடுப்பவை. அரிப்பும் தடிப்பும் அடங்கும். வீங்கிய தொண்டையைத் திறக்கவோ, சரியும் இரத்த அழுத்தத்தைத் தூக்கவோ அவற்றால் முடியாது. மாத்திரை வேலை தொடங்கவே அரை மணி நேரமாகும். ஸ்டீராய்டு அதைவிடவும் மெதுவானது.

அட்ரினலின் விரிந்துபோன இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது, நுரையீரல் குழாய்களைத் திறக்கிறது, அலர்ஜியைக் கிளப்பும் செல்கள் மேற்கொண்டு ரசாயனங்களைக் கொட்டுவதையும் தடுக்கிறது. அதைத் தொடைத் தசையில் போடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 1998-இல் குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து இரத்தத்தில் உச்ச அளவை எட்டச் சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கு அடியில் போட்டபோது 34 நிமிடம்.

மாத்திரை கொடுத்ததும் தடிப்பு மறைந்துவிடும், 'சரியாகிவிட்டது' என்று எல்லோரும் மூச்சு விடுவார்கள், உள்ளே தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். அந்த மருந்துகளில் எனக்குப் பெரிய பயமே இதுதான். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கும் முதலில் அட்ரினலின், அதன் பிறகு நீல நிற இன்ஹேலர்.

எங்களிடம் இருப்பது எபிபென். செய்முறையை ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் எங்கே தப்பு நடக்கும்?

எபிபென்னின் ஒரு முனையில் நீல மூடி, மறுமுனை ஆரஞ்சு. ஊசி வருவது ஆரஞ்சு முனையில். நீல முனையில்தான் ஊசி இருக்கும் என்று நினைத்து, ஆரஞ்சு முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்துபவர்கள் உண்டு. மருந்து குழந்தைக்குப் போகாமல் அவர்கள் விரலில் ஏறிவிடும். ஆகவே பேனாவை நடுவில், முஷ்டி மடக்கிப் பிடியுங்கள். எந்த முனையிலும் விரல் வேண்டாம்.

குழந்தையைப் படுக்க வையுங்கள், அல்லது மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். காலை அசையாமல் பிடிப்பதுதான் இதில் பாதி வேலை. ஊசி உள்ளே இருக்கும்போது பிள்ளை காலை உதைத்தால் தோல் கிழியலாம், ஊசி வளையலாம். தனியாக இருந்தால் குழந்தையின் கால்களை உங்கள் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் முழங்காலுக்குச் சற்று மேலே அழுத்திப் பிடியுங்கள். இன்னொருவர் இருந்தால் அந்த வேலையை அவரிடம் விடுங்கள்.

நீல மூடியை நேராக மேலே இழுத்து எடுங்கள். பக்கவாட்டில் திருகவோ வளைக்கவோ வேண்டாம். ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே, செங்குத்தாக வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை பலமாக அழுத்துங்கள். வீசிக் குத்த வேண்டியதில்லை. அழுத்தியபடியே 3 நொடி வைத்திருந்துவிட்டு நேராக வெளியே எடுங்கள். பேண்ட், பாவாடை மேலேயே போடலாம். பையில் சில்லறையோ சாவியோ இருக்கிறதா, தடித்த தையல் குறுக்கிடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிட்டத்திலும் கையிலும் போடக் கூடாது.

மருந்து போய்விட்டதா என்ற சந்தேகம் வரும். வெளியே எடுத்ததும் ஆரஞ்சு உறை நீண்டு ஊசியை மூடியிருந்தால் வேலை முடிந்தது. உள்ளே இன்னும் நிறைய மருந்து மிச்சமிருக்கும், அது இயல்புதான். 2 மி.லி. அடைத்த குழாயில் 0.3 மி.லி. மட்டுமே வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். மிச்சத்தை மறுபடி போட முடியாது.

ஜெக்ஸ்ட் பேனா வைத்திருப்பவர்களுக்கு நிறமும் நேரமும் வேறு: மஞ்சள் மூடியைக் கழற்றி, கறுப்பு முனையைத் தொடையில் அழுத்தி, 10 நொடி வைத்திருக்க வேண்டும். தாத்தா வீட்டில் ஒரு வகை, பள்ளியில் இன்னொரு வகை என்று வைக்காதீர்கள். ஊசியில்லாத பயிற்சிப் பேனா கிடைத்தால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் போட்டுப் பழகுங்கள்.

ஊசி போட்ட பிறகு குழந்தை தெளிந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டுமா?

போக வேண்டும். ஊசி போட்ட கையோடு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, பிரிட்டனில் 999. 'அனபிலாக்சிஸ்' என்ற சொல்லையே சொல்லுங்கள். ஒரு டோஸின் வேகம் சில நிமிடங்களில் தணியத் தொடங்கும். மறுபடி அறிகுறி தலைதூக்கலாம், சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் வரும். அதனால்தான் டாக்டர்கள் குழந்தையை நிறுத்தி வைத்துக் கவனிக்கிறார்கள். 2 டோஸ் தேவைப்பட்டிருந்தால் அறிகுறி அடங்கிய பிறகு 6 மணி நேரமாவது வைத்துப் பார்ப்பது வழக்கம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை படுத்த நிலையில், கால்களை உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் கால்களை நீட்டி உட்காரட்டும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 'பாத்ரூம் போகணும்' என்றாலும் எழுந்து நடக்க விடாதீர்கள். இரத்த அழுத்தம் சரிந்திருக்கும்போது சட்டென எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் போதாமல் போகும். எழுந்து நின்ற சில நொடிகளில் உயிர் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆம்புலன்ஸுக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது பேனாவை மற்ற தொடையில் போடுங்கள். குழந்தையின் மருந்துப் பை எங்கே போனாலும் அதில் இரண்டு பேனா இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

தேவையில்லாமல் போட்டுவிட்டால்?

முகம் வெளுக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தலை வலிக்கலாம். ஆரோக்கியமான குழந்தைக்கு இவை சிறிது நேரத்தில் அடங்கிவிடும். தாமதமாகப் போடுவதில்தான் உயிருக்கு ஆபத்து. சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள்.

எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் பேனா கிடைக்கவில்லை. டாக்டர் ஆம்பூல் என்ற சிறு கண்ணாடிக் குப்பி மருந்தும் சிரிஞ்சும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். சரிதானா?

இந்தியாவில் பேனா எளிதில் கிடைப்பதில்லை, வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலையும் அதிகம். ஆகவே உங்கள் டாக்டர் சொல்வது நியாயமான மாற்று வழி. மருந்து அதேதான்: 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. அட்ரினலின். கணக்கு, ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.கி. முதல் கேள்வியில் வந்த 18 கிலோ குழந்தைக்கு 0.18 மி.கி., அதாவது 0.18 மி.லி. அதே குழந்தைக்குப் பேனா என்றால் 0.15 மி.கி. பேனாதான் எழுதுவோம். அந்தச் சிறு வித்தியாசத்தால் பாதகமில்லை.

கஷ்டம் மருந்தை இழுப்பதில் இருக்கிறது. 2001-இல் வந்த ஓர் ஆய்வில் ஆம்பூலை உடைத்து அளந்து இழுக்கப் பெற்றோருக்குச் சராசரியாக 2 நிமிடத்துக்கு மேல் ஆனது. அவர்கள் இழுத்த மருந்தில் மிகக் குறைந்த அளவுக்கும் மிக அதிக அளவுக்கும் இடையே 40 மடங்கு வித்தியாசம் இருந்தது. அவசரமே இல்லாத நேரத்தில் நடந்த சோதனை அது.

வீட்டில் கிடக்கும் இன்சுலின் சிரிஞ்சை இதற்கு எடுக்காதீர்கள். நம் கடைகளில் ஒரு மி.லி.யை 40 யூனிட்டாகப் பிரித்த வகையும் 100 யூனிட்டாகப் பிரித்த வகையும் விற்கின்றன. 100 யூனிட் சிரிஞ்சில் 18-வது கோடு 0.18 மி.லி.; 40 யூனிட் சிரிஞ்சில் அதே கோடு 0.45 மி.லி. ஊசியும் குட்டை, தசைக்குப் போய்ச் சேராது. மி.லி. அளவு குறித்த 1 மி.லி. சிரிஞ்சும், குழந்தையின் தொடைக்கு ஏற்ற நீள ஊசியும் எவை என்று டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். எத்தனை மி.லி. என்பதை அவர் கையாலேயே எழுதச் சொல்லி, சிரிஞ்சில் அந்தக் கோட்டை எழுதும் பேனாவால் குறித்து, ஆம்பூலோடு ஒரே டப்பாவில் வையுங்கள். தண்ணீரை இழுத்து வாரம் ஒருமுறை பழகினால் கை தானாக வரும்.

பேனாவை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? எப்போது மாற்ற வேண்டும்?

ஃபிரிட்ஜ் வேண்டாம். 25 டிகிரிக்குள், வெளிச்சம் படாத இடம் நல்லது. நம் வெயிலுக்கு அது கடினம் என்பதால், வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள், பயணத்தில் ஐஸ் நேரடியாகப் படாத வெப்பத்தடுப்புப் பையில் வையுங்கள். நிறுத்திய காரில் ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மாதம் ஒருமுறை பேனாவின் சிறு ஜன்னல் வழியாக மருந்தைப் பாருங்கள். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருந்தால், துகள் மிதந்தால், தேதி இருந்தாலும் மாற்றுங்கள். தேதி முடிந்த பேனா மட்டுமே கையில் இருக்கும்போது அனபிலாக்சிஸ் வந்தால், தயங்காமல் அதைப் போடுங்கள்.

குழந்தையின் எடையையும் கவனியுங்கள். 25 கிலோவைத் தாண்டும்போது 0.3 மி.கி. பேனாவுக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 30 கிலோ ஆனால் மாறியே ஆக வேண்டும்.